மூன்று நட்சத்திரத்துக்கு ஒரு விளக்கம்

போன மாதம் இணையத்தில் ஒரு பழைய புத்தகம் வாங்கினேன். விற்றவருக்கு மூன்று நட்சத்திரம் போட்டேன். அவர் டில்லியிலிருந்து போன் செய்து, "ஏன் ஐயா, ரெண்டு நட்சத்திரத்தைக் குறைச்சிட்டீங்க?" என்று அரைகுறைத் தமிழில் வருத்தமாகக் கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலை இங்கேயும் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. நம்மில் பலர் இப்போது செருப்பு முதல் மருந்து வரை போனிலேயே வாங்குகிறோம். வாங்கிவிட்டுக் கோபத்தில் ஒன்று அல்லது சந்தோஷத்தில் ஐந்து போட்டுவிட்டு மறந்துவிடுகிறோம். நடுவில் இருக்கும் கணக்கை யாரும் பார்ப்பதில்லை.

புத்தகம் எது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 'பெத்தி லரூஸ்' என்னும் பிரெஞ்சு அகராதி, 1974ஆம் ஆண்டுப் பதிப்பு. பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் என்பதால், பாண்டிச்சேரி அரசாங்கத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்ததுமே பழைய பிரெஞ்சுப் பத்திரங்களையும் 'எத்தா சிவில்' பதிவேடுகளையும் படித்துச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. அன்று என் மேஜை மேல் இருந்தது அந்தப் பதிப்புதான். 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் வந்தபோது கூரை ஓடு பறந்து, அலமாரியோடு அதுவும் ஊறிப் போனது. காயவைத்துப் பார்த்தேன், பக்கங்கள் அப்பளம் போல் ஒட்டிக்கொண்டுவிட்டன. பேத்தி இப்போது பிரெஞ்சு படிக்கிறாள். அவளுக்கு என்று சொல்லிக்கொண்டு, உண்மையில் எனக்காகத்தான் தேடினேன்.

அறிவிப்பில் இருந்தது இவ்வளவுதான்: 1974 பதிப்பு, கெட்டி அட்டை, மேலுறையோடு, நல்ல நிலை, பக்கங்கள் முழுமை, இரண்டு நாளில் அனுப்பப்படும், 12ஆம் தேதிக்குள் கைக்கு வரும். விலை 950 ரூபாய், அனுப்பும் செலவு 80. நவம்பர் 3ஆம் தேதி பணம் கட்டினேன். 17ஆம் தேதி வந்தது. ஐந்து நாள் தாமதம்.

இந்த ஐந்து நாளுக்கு நான் முதலில் திட்டியது கொண்டு வந்த பையனை. 15ஆம் தேதி நான் வாசலிலேயே உட்கார்ந்திருக்க, 'வீட்டில் ஆள் இல்லை' என்று போனில் குறுஞ்செய்தி வந்தது. 17ஆம் தேதி அவன் வந்ததும் பிடித்துக்கொண்டேன். "சார், அன்னிக்கு மழைல வண்டி நின்னு போச்சு. ஏதாவது ஒரு காரணம் அழுத்தினாத்தான் ஆப் விடும்" என்றான். பாவம், நனைந்துதான் இருந்தான். தண்ணீர் கொடுத்து அனுப்பினேன்.

பிறகு உட்கார்ந்து, ஆபீசில் தபால் பதிவேடு எழுதுவது போலத் தேதிகளை ஒரு தாளில் வரிசையாக எழுதினேன். 3ஆம் தேதி ஆர்டர். 4ஆம் தேதி பில். 5ஆம் தேதி 'அனுப்பப்பட்டது' என்று செய்தி. ஆனால் பார்சல் எங்கே இருக்கிறது என்று காட்டும் பக்கத்தை விரித்துப் பார்த்தால், கூரியர்காரர் விற்பனையாளரிடமிருந்து பெட்டியை எடுத்துக்கொண்டதாகப் பதிவானது 9ஆம் தேதி. அதாவது 5ஆம் தேதி நடந்தது முகவரிச் சீட்டு அச்சடித்தது மட்டும்தான். சீட்டு அச்சானதும் 'அனுப்பப்பட்டது' என்று செய்தி போய்விடுகிறது. பெட்டி கடையிலேயே நான்கு நாள் கிடந்திருக்கிறது. நம் ஆபீசில் கோப்பில் டெஸ்பாட்ச் முத்திரை குத்திவிட்டு அலமாரியில் வைத்திருப்பார்களே, அதே கதைதான்.

ஆக, தாமதமான ஐந்து நாளில் நான்கு நாள் விற்றவருடையது, ஒரு நாள் கூரியருடையது. நான் திட்டியது அந்த ஒரு நாளுக்குரியவனை. பொருள் தாமதமாக வந்தால் நீங்களும் இந்த இரண்டு தேதிகளை மட்டும் பாருங்கள்: கூரியர் கையில் எடுத்த நாள், உங்கள் கைக்கு வந்த நாள். முதல் தேதிக்கு முன்னால் நடந்தது விற்றவர் கணக்கு, அதற்குப் பின்னால் நடந்தது கூரியர் கணக்கு. 'அனுப்பப்பட்டது' என்ற செய்தியை நம்பிக் கணக்குப் போட்டால் பழி தப்பான இடத்தில் போய் விழும்.

அடுத்தது கட்டிய விதம். பேரனை வீடியோ எடுக்கச் சொல்லிவிட்டுத்தான் பெட்டியைப் பிரித்தேன். உள்ளே புத்தகத்தைக் கெட்டியான பிளாஸ்டிக் உறையில் போட்டு வாயை ஒட்டியிருந்தார்கள். ஐப்பசி மழையில் பெட்டியின் ஒரு மூலை நனைந்து ஊறியிருந்தும் புத்தகத்தில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. ஒட்டு டேப்பை அட்டை மேல் நேராக ஒட்டவில்லை, பழைய செய்தித்தாளைச் சுற்றி மை படிய விடவில்லை. பழைய புத்தகத்தைத் தெரிந்தவர் செய்த வேலை என்று மனதுக்குள் பாராட்டினேன்.

ஆனால் பெட்டி புத்தகத்தைவிட மிகப் பெரியது. காற்றடைத்த பை இரண்டை மேலே போட்டு மூடியிருக்கிறார்கள். வழியில் ஒரு பை வெடித்துச் சப்பையாகிவிட்டது. கனமான அகராதி பெட்டிக்குள் இங்கும் அங்கும் சறுக்கி, முன் அட்டை முதுகோடு சேரும் இடத்தில் பாதி நீளம் கிழிந்திருந்தது. அது முன்பே இருந்த கிழிசலா, வழியில் ஆனதா என்று எப்படித் தெரியும்? கிழிந்த ஓரத்தைப் பார்த்தால் தெரியும். பழைய கிழிசலில் ஓரம் பழுப்பேறி அழுக்குப் படிந்திருக்கும். புதுக் கிழிசலில் காகித நார் வெள்ளையாகத் தெரியும். இதில் வெள்ளையாகத்தான் இருந்தது. இப்படிப்பட்ட புத்தகத்துக்கு அதைவிட விரல் அகலம் பெரிதாக இரண்டு அட்டைத் துண்டுகளை வெட்டி, மேலும் கீழும் வைத்துக் கட்டி, பெட்டியில் அசையாதபடி இண்டு இடுக்கெல்லாம் காகிதம் அடைக்க வேண்டும். மூடிய பெட்டியைக் குலுக்கினால் சத்தம் வரக்கூடாது. ஐந்து ரூபாய் அட்டை போதும்.

கடைசியாக, சொன்னதும் வந்ததும் ஒன்றுதானா? இங்கேதான் நான் சறுக்கி விழப் பார்த்தேன்.

மேலுறையில் 1974 என்று இருந்தது. உள்ளே உரிமைப் பக்கத்தைப் புரட்டினால் 1973. எனக்கு ரத்தம் கொதித்தது. முந்தைய வருஷப் புத்தகத்துக்கு வேறொரு உறையைப் போர்த்தி அனுப்பிவிட்டான் என்று முடிவு கட்டி, அன்று இரவே ஒற்றை நட்சத்திரத்தோடு 'மோசடி' என்று தட்டச்சு செய்துவிட்டேன். அனுப்பும் பொத்தானை அழுத்தும் முன் மின்சாரம் போய் வைஃபை நின்றது. படுத்தபிறகுதான் நினைவு வந்தது. லரூஸ்காரர்கள் அடுத்த வருஷத்தின் எண்ணைப் போட்டு முந்தைய வருஷமே வெளியிடுவார்கள். முதல் பெத்தி லரூஸே 1906 என்ற எண்ணோடு 1905இல் வந்ததுதான். காலையில் எழுந்து புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். பிரெஞ்சுப் புத்தகங்களில் பெரும்பாலும் அங்கேதான் அச்சு முடிந்த நாளும் 'தெப்போ லெகால்' என்னும் அரசு வைப்புப் பதிவும் இருக்கும். அதிலும் 1973தான். உறையும் புத்தகமும் ஒன்றுக்கொன்று சொந்தம்தான். முப்பது வருஷம் அதே அகராதியைப் புரட்டியவனுக்கே மறந்துபோன விஷயத்துக்காக ஒரு மனிதரைத் திருடன் என்று ஊரறிய எழுதியிருப்பேன்.

ஆனால் நிஜமான குறை வேறு இடத்தில் இருந்தது. சொற்களுக்கும் பெயர்களுக்கும் நடுவே வரும் ரோஜா நிறப் பக்கங்கள், லத்தீன் பழமொழிகள் உள்ளவை, பத்திரமாக இருந்தன. பேத்தி அதைத்தான் முதலில் எடுத்துப் பார்த்தாள். பிறகு நான் ஒவ்வொரு தாளாகப் புரட்டியபோது ஓரிடத்தில் தையல் ஓரத்தில் மெல்லிய கீற்று ஒன்று நின்றது. வண்ணப்படத் தாள் ஒன்றை யாரோ பிளேடால் வெட்டி எடுத்திருக்கிறார்கள். இந்தப் பிரதியில் வண்ணத் தாள்களுக்குப் பக்க எண் கிடையாது. அதனால் எண்களை மட்டும் சரிபார்த்தால் எல்லாம் முழுமையாகவே தெரியும். விற்றவரும் அப்படித்தான் பார்த்திருப்பார். பொய் சொல்லவில்லை. ஆனாலும் 'முழுமை' என்று எழுதியது அவர், அதை நம்பிப் பணம் கொடுத்தது நான்.

படங்களோடு அவருக்கு எழுதினேன். 'பழைய புத்தகம் திரும்பப் பெறப்படாது என்று அறிவிப்பிலேயே இருக்கிறதே' என்று முதலில் பதில் வந்தது. இதை எல்லோரும் தெரிந்துகொள்வது நல்லது. 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, பொருள் பழுதாகவோ விளம்பரத்தில் சொன்னதற்கு மாறாகவோ இருந்தால் விற்பவர் திரும்பப் பெறவும் பணம் தரவும் மறுக்கக்கூடாது. 'திரும்பப் பெறப்படாது' என்ற வரி, மனம் மாறித் திருப்புகிறவர்களுக்குத்தான். சந்தைத் தளத்தில் குறைதீர்க்கும் அதிகாரி இருக்க வேண்டும், புகார் கிடைத்ததை 48 மணி நேரத்தில் ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அதுவும் நடக்காவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. எனக்கு அவ்வளவு தூரம் போக வேண்டி வரவில்லை. விதியை மட்டும் குறிப்பிட்டு எழுதியதும், திருப்பி அனுப்புகிறீர்களா, வைத்துக்கொண்டு 300 ரூபாய் வாங்கிக்கொள்கிறீர்களா என்று கேட்டார். வைத்துக்கொண்டேன்.

பணம் வந்த மறுநாள்தான் அந்தப் போன். சராசரி குறைந்தால் அவர் புத்தகங்கள் பட்டியலில் கீழே போய்விடுமாம், யார் கண்ணிலும் படாதாம். ஐந்தாக மாற்றினால் இன்னும் 200 தருகிறேன் என்றார். அவர் குரலில் இருந்த கவலை நிஜம். அதனால்தான் மறுப்பது கஷ்டமாக இருந்தது. "தம்பி, காசு வாங்கிக்கிட்டு அஞ்சு போட்டா, அடுத்து வாங்கறவரை நான் ஏமாத்தினதா ஆகும். நட்சத்திரத்தை மாத்த மாட்டேன். ஆனா நீங்க செஞ்ச நல்லதையும் எழுதியிருக்கேன், படிச்சுப் பாருங்க" என்றேன்.

நான் எழுதியது இதுதான்: 'ஈரம் புகாமல் கட்டியிருந்தார்கள், ஆனால் பெட்டி பெரிது, அட்டை கிழிந்தது. ஐந்து நாள் தாமதம், அதில் நான்கு கடையில். பதிப்பு சொன்னபடியே. வண்ணத் தாள் ஒன்று இல்லை. சொன்னதும் 300 ரூபாய் திருப்பித் தந்தார்.' இதைப் படிப்பவர் நாவல் வாங்குவதானால் தயங்காமல் வாங்கலாம். படங்கள் உள்ள கனமான புத்தகமானால், முதலில் தாள்களை எண்ணச் சொல்லிவிட்டு வாங்குவார். ஒற்றை நட்சத்திரமோ ஐந்து நட்சத்திரமோ இதைச் சொல்லியிருக்காது.

பத்து நாள் கழித்து அவரிடமிருந்து ஒரு படம் வந்தது. வேறு யாருக்கோ போகும் தடித்த புத்தகம், மேலும் கீழும் அட்டை வைத்துக் கட்டியிருந்தது. கீழே 'குலுக்கிப் பார்த்தேன் ஐயா' என்று எழுதியிருந்தார்.