வராமலே ‘வந்தோம்’ என்று பதிந்த பொதி

மதிப்பிற்குரிய கூரியர் கிளை முகாமையாளர் அவர்களுக்கு,

திருகோணமலை உட்துறைமுக வீதியில் போட் எஞ்சின் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். கொழும்பிலிருந்து வரவழைத்த தண்ணீர்ப் பம்பு இம்பெல்லர் செவ்வாய்க்கிழமை உங்கள் கிளைக்கு வந்தது. அன்று மாலை 5.52க்கு உங்கள் தளத்தில் ‘Customer not available’ என்று பதிவு விழுந்தது. கடையை நான் எட்டு மணிக்குத்தான் பூட்டினேன். யாரும் வரவில்லை, அழைப்பும் வரவில்லை. இம்பெல்லர் இல்லாமல் எஞ்சினுக்குக் குளிர்நீர் ஏறாது. அதனால் ஒருவருடைய படகு கரையிலேயே கிடக்கிறது.

உவர்மலையில் இருக்கும் என் மச்சாளின் பொதிக்கும் அதே 5.52, அதே காரணம். ஒரே ஆள் ஒரே நிமிடத்தில் இரண்டு வாசலில் நிற்க முடியாது. மிஞ்சிய பொதிகளுக்கு நாள் முடிவில் மொத்தமாகக் கணக்கு முடித்திருக்கிறார்கள் என்றே நினைக்கிறேன். தம்பிமார் மீது மட்டும் பழி போட எனக்கு மனமில்லை. கொடுத்து முடிக்க முடியாத அளவு பொதி ஏற்றினால், ‘நேரம் போதவில்லை’ என்று உண்மையைப் பதிய அவர்களுக்கு வழி இருக்க வேண்டும். பொய்க் காரணம் பதிந்தால் அது என் தலையில் ஒரு முயற்சியாக எண்ணப்படுகிறது. அப்படி இன்னும் ஓரிரண்டு சேர்ந்தால் பொதி திரும்பிப் போகும், விற்றவருக்கு நான் சாமான் எடுக்காத ஆளாகிவிடுவேன்.

பதிவுத் தபால்காரர் வீட்டில் ஆளில்லாவிட்டால் அறிவித்தல் துண்டு வைத்துவிட்டுப் போவார். அவர் வந்ததற்கு அதுவே சாட்சி. உங்கள் ஆள் வந்ததற்கு என்ன சாட்சி?

தொலைபேசியில் சொன்னால் ‘பார்க்கிறோம்’ என்பதோடு போய்விடும் என்பதால் அன்றிரவே மின்னஞ்சலில் எழுதினேன். பொதி இலக்கம், 5.52 பதிவின் திரைப்பிடிப்பு, அன்றைய என் அழைப்புப் பட்டியல் மூன்றையும் இணைத்திருக்கிறேன். அந்தப் பதிவு போடப்பட்ட இடத்தின் ஜிபிஎஸ் புள்ளியையும், எனக்கு அழைத்ததாகச் சொன்னால் அந்த அழைப்பின் நேரத்தையும் தாருங்கள். ஜிபிஎஸ் சில மீற்றர் தள்ளிக் காட்டலாம், ஆனால் கிளை வாசலை என் கடையாகக் காட்டாது. வேறு இலக்கத்திலிருந்து அழைத்திருந்தாலும் தவறிய அழைப்பாக என் பட்டியலில் இருந்திருக்கும்.

அந்த முயற்சியைக் கணக்கிலிருந்து நீக்குங்கள். பொதியைத் திருப்பி அனுப்பாமல் கிளையில் நிறுத்தி வைத்து, முறைப்பாட்டு இலக்கத்துடன் மறுவிநியோகத்தின் நாளையும் நேரத்தையும் எழுத்தில் அறிவியுங்கள். வருமுன் அழைக்கட்டும். கொடுக்க முடியாமல் போனால் கடை வாசலைப் படமெடுத்து இணைக்கட்டும். டொக்யார்ட் படலையில் காவலர் மறிப்பதுபோல் உண்மைத் தடை இருந்தால், அதை அப்படியே பதியட்டும்.

வெள்ளி மாலைக்குள் பதில் வராவிட்டால், இதே இணைப்புகளோடு பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடுவேன். அவர்களின் 1977 இலக்கத்துக்கும் அழைப்பேன். கடை காலை எட்டு மணிக்குத் திறக்கும்.

இப்படிக்கு,
உட்துறைமுக வீதிக் கடைக்காரர்