மௌலவியும் மெளலவியும்

அச்சுப் பக்கத்தின் படத்தில் எழுத்துகள் இல்லை. கரிய, வெளிய புள்ளிகளே உள்ளன. எழுத்துணரி மென்பொருள் அவற்றை வரிகளாகப் பிரித்து, வடிவம் கண்டு எழுத்தைத் துணிகிறது. தமிழுக்கு இடர் இங்கேதான். ‘மௌலவி’ என்னும் சொல்லில் ஔகாரக் குறியின் வலப்பகுதி ளகரத்தைப் போன்றே நிற்கும். கணிப்பொறி அதனைத் தனி ளகரமெனக் கொண்டு, ‘மெ’, ‘ள’ என இரண்டெழுத்தாகப் பதிந்துவிடுவதுண்டு. மெய்ப்புப் பார்ப்போர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஆயினும் ‘மௌலவி’ எனத் தேடுவோருக்கு அப்பக்கம் அகப்படாது; நூல் இருந்தும் இல்லாததே.

ஐயமுற்றால், லகரத்துக்கு முன் சுட்டியை நிறுத்திப் பின்னழிப்பு விசையை ஒருமுறை அழுத்திப் பார்க்கிறோம். ‘ம’ எஞ்சினால் சரி. ‘மெ’ எஞ்சினால் பிழை. எல்லாவற்றையும் ஒரே ஆணையால் மாற்றிவிடலாம் என்பாரோடு நாம் உடன்படோம்: ‘கெளுத்தி’யும் ‘மெள்ள’வும் அதில் சிதையும்.