பறக்கிற பாட்டாவும் எங்கட உம்மாமாரும்



ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் இப்ப அந்த மீம்தான் சுத்துது. உம்மா எறிஞ்ச பாட்டா வாசலைத் தாண்டி, மதிலைச் சுத்தி, ஓடுற மகனின் முதுகைத் தேடிப் போகுது. எருக்கலம்பிட்டியிலிருந்து தலைமன்னார் வரை எல்லாரும் சிரிக்கிறோம். அனுப்புறதில் பாதிப் பேர் உம்மாமாரே.

எங்களுக்கு மட்டும் சொந்தமான பகிடியும் இல்லை இது. 2017இல் வந்த 'கோகோ' படத்தில், மெக்சிகோப் பாட்டி ஒருத்தி செருப்பைக் கழற்றிக்கொண்டு பாட்டுக்காரனை விரட்டுவா.

அடி வாங்கினவர்கள் ஏன் பாசத்தோடு சிரிக்கிறோம்? மீமை நன்றாகப் பார்த்தால் விளங்கும். அதில் பிரம்பு வராது, பாட்டாதான் வரும். அதைக் கழற்ற உம்மா குனிய வேணும். அந்த ரெண்டு மூணு செக்கனில் பிள்ளை படலையைத் தாண்டிவிடும். லேசான ரப்பர் செருப்பு, பாதி நேரம் குறி தவறி வேலியில்தான் விழும். அதைப் பொறுக்கிக் கொண்டு வந்து கொடுக்கிறதும் நாங்கதான். கொஞ்ச நேரத்தில் "வந்து சோத்தைத் தின்னு" என்று குரல் வரும்.

மீம் அந்தக் குறி தவறின செருப்பை ஏவுகணையாக்குது. பெரிதாக்க ஆக்க நோவு குறையுது, உம்மாவின் வீரம் கூடுது. முன்பு வாய் திறக்க முடியாத பிள்ளை, இப்ப வளர்ந்து அவவுக்கு முன்னாலேயே பகிடி பண்ணுது. அவவும் சேர்ந்து சிரிக்கிறா. பாசம் அங்கதான் இருக்கு.

ஆனால் "நாங்க அடி வாங்கித்தானே ஆளானோம், இந்தக் காலத்துப் பிள்ளைக்கும் நாலு போடுங்க" என்று அந்த மீமுக்குக் கீழ் எழுதுகிறவர்கள் பகிடியைச் சட்டமாக்கப் பார்க்கிறார்கள். பாடசாலையில் அடிக்கக் கூடாது என்று கல்வி அமைச்சின் 2005/17 சுற்றறிக்கை சொன்னது. ஆசிரியர் அறைந்து மாணவனின் காது பாதிக்கப்பட்ட வழக்கில், அது அடிப்படை உரிமை மீறல் என்று 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தப் பிள்ளைக்கு அது மீம் இல்லை.

வித்தியாசம் கண்டுபிடிக்கிறது கஷ்டமில்லை. வகுப்பில் இந்தப் பேச்சு வந்தால் பிள்ளைகள் போட்டி போட்டுக் கதை சொல்லுவார்கள், "எங்கட உம்மா அகப்பையால..." என்று கையால் வீசிக் காட்டுவார்கள். அதில் ஒரு பிள்ளை மட்டும் சிரிக்காமல் கொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தால், அந்தப் பிள்ளையின் வீட்டில் பறக்கிறது பாட்டாவாக இருக்காது. உம்மாவுக்கு முன்னால் சொல்லிச் சிரிக்க முடிந்தது பகிடி. முடியாதது காயம்.

ஆகவே மீமைத் தாராளமாகப் பகிருவோம். அழுகிற உண்மைப் பிள்ளையின் வீடியோவை மட்டும் பகிர வேண்டாம், அந்தப் பிள்ளை இன்னும் சிரிக்கிற வயசுக்கு வரவில்லை.

சரி, உங்கட வீட்டில் பறந்தது பாட்டாவா, அகப்பையா, தும்புத்தடியா?