இரும்பு மருந்து சளியைத் தடுக்குமா?

“ரத்தம் கம்மியா இருக்கறதாலதான் இவளுக்கு அடிக்கடி சளி பிடிக்குதா டாக்டர்? சத்து டானிக் ஏதாவது எழுதிக் குடுங்க.” பள்ளி திறந்து இரண்டு மூன்று மாதங்களில் நம் எல்லோருடைய புறநோயாளர் அறையிலும் கேட்கிற கேள்வி இது. தாயின் கையில் ரத்தப் பரிசோதனை அறிக்கை இருக்கும். ஹீமோகுளோபின் குறைவாகத்தான் இருக்கும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் ஏறத்தாழ 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. சளியோ, நல்ல ஊட்டத்துடன் வளரும் குழந்தைக்கே ஆண்டுக்கு ஆறு முதல் எட்டு முறை வரும். முதன்முதலாகப் பள்ளிக்குப் போகும் ஆண்டில் பத்தைத் தாண்டுவதும் உண்டு. இவ்வளவு பரவலான இரண்டும் ஒரே குழந்தையிடம் சேர்ந்திருப்பதை வைத்து, ஒன்றால்தான் மற்றது வந்தது என்று நாம் தலையாட்டிவிடக் கூடாது.

இரும்பு கொடுத்தால் சளி குறைகிறதா என்பதுதான் நேரடிச் சோதனை. கேராவும் சச்தேவும் 2002இல் 28 ஆய்வுகளை, ஏறத்தாழ 7,900 குழந்தைகளை, ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். சுவாசத் தொற்று குறையவில்லை. வயிற்றுப்போக்கு மட்டும் சற்றே கூடியிருந்தது. மறுபக்கம், கொழும்பில் ஐந்து முதல் பத்து வயதுக் குழந்தைகளுக்கு எட்டு வாரம் தினமும் 60 மில்லிகிராம் இரும்பு கொடுத்த ஆய்வில், சளி பிடித்த தடவைகளும் நாட்களும் குறைந்தன. அந்த முடிவை நான் ஒதுக்கவில்லை. ஆனால் எட்டு வாரக் கணக்கை வைத்து, அதைவிடச் சிறிய குழந்தையின் தாய்க்கு “இதைக் குடித்தால் சளி வராது” என்று வாக்குக் கொடுக்க முடியாது.

நாம் அதிகம் கவனிக்காதது எதிர்த்திசையில் நடப்பதை. தொற்று வந்ததும் கல்லீரல் ஹெப்சிடினைக் கூடுதலாகச் சுரக்கிறது. அது குடல் இரும்பை உறிஞ்சுவதைத் தடுக்கிறது. உடலில் சேமிப்பாக இருக்கும் இரும்பும் வெளியே வராமல் அடைபடுகிறது. அடுத்தடுத்து தொற்று வரும் குழந்தையின் ஹீமோகுளோபின் இப்படியே இறங்கலாம். அப்போது ரத்தசோகை, காரணமாக இல்லாமல் விளைவாக இருக்கும்.

நம் அறைகளில் வழக்கமாகப் பார்க்கும் ஒரு குழந்தையை எடுத்துக்கொள்வோம். இரண்டரை வயதுப் பெண், எடை 11 கிலோ. ஜூனில் பள்ளியில் சேர்ந்து அக்டோபருக்குள் ஐந்து முறை சளி. ஹீமோகுளோபின் 9.4 கிராம், எம்சிவி 66, சிவப்பணு எண்ணிக்கை 4.3 மில்லியன், ஃபெரிட்டின் 24. ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு ஃபெரிட்டின் 12க்குக் கீழே போனால்தான் குறைபாடு என்று படித்திருக்கிறோம். அதனால் இரும்பு போதுமென்று முடிவு செய்துவிடத் தோன்றும். ஆனால் அன்றைய சிஆர்பி 22. ஃபெரிட்டின் அழற்சியில் தானே உயரக்கூடியது என்பதால், தொற்று இருக்கும்போது உலக சுகாதார அமைப்பு 30ஐ எல்லையாகக் கொள்கிறது. அந்தக் கணக்கில் இவளுக்கு இரும்புக் குறைபாடு உண்டு. எம்சிவியைச் சிவப்பணு எண்ணிக்கையால் வகுத்தால் 15 வருகிறது; 13க்கு மேல் என்பதால் தலசீமியா கூறு என்று சந்தேகிக்க இடம் குறைவு. உணவைப் பற்றி விசாரித்தால் விடை கிடைக்கிறது: புட்டியில் நாளுக்கு முக்கால் லிட்டர் பசும்பால், சோறு இரண்டு வாய்.

காய்ச்சல் தணிந்ததும் கிலோவுக்கு 3 மில்லிகிராம் என்ற கணக்கில், தினமும் சுமார் 33 மில்லிகிராம் இரும்பு தொடங்கலாம். ஹெப்சிடின் உயர்ந்திருக்கும் நாட்களில் கொடுத்தால் பெரும்பகுதி உறிஞ்சப்படாமல் குடலிலேயே தங்கும். பாலை அரை லிட்டருக்குள் குறைத்துப் புட்டியை நிறுத்தச் சொல்ல வேண்டும். ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் ஒரு கிராமாவது ஏற வேண்டும். ஏறாவிட்டால், மருந்து உண்மையில் வாய்க்குள் போனதா, பால் குறைந்ததா என்பதை முதலில் கேட்க வேண்டும். அடுத்த டானிக்குக்கு மாறுவது பிறகு.

தாயிடம் என்ன சொல்கிறோம் என்பதும் சிகிச்சையின் பகுதிதான். “இந்த மருந்து இவளோட மூளை வளர்ச்சிக்கும் சுறுசுறுப்புக்கும்மா. சளி இந்த வருஷம் வரத்தான் செய்யும்” என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால், அடுத்த சளி வந்ததும் மருந்து வேலை செய்யவில்லை என்று பாதியில் நிறுத்திவிடுவார்கள்.

ஊட்டக்குறைவு வேறு கதை. கடுமையாக மெலிந்த குழந்தைக்குச் சளி பிடிக்கும் தடவைகளைவிட, அந்தச் சளி நிமோனியாவாக இறங்குவதும் அதில் உயிர் போவதும்தான் பெரிய ஆபத்து. அந்தக் குழந்தையிடம் எண்ண வேண்டியது மூச்சு வேகத்தை. அளக்க வேண்டியது மேல்கைச் சுற்றளவை.

ஹீமோகுளோபின் சரியான பிறகும் மூக்கடைப்பு விடாமல் இருந்தால், குறட்டை இருக்கிறதா, காலையில் தொடர் தும்மல் உண்டா, வீட்டில் யாராவது புகைபிடிக்கிறார்களா என்று கேட்க வேண்டும். ஓராண்டில் இரண்டு நிமோனியா, அல்லது நான்கு முறை காதில் சீழ் வந்திருந்தால் நோயெதிர்ப்புக் குறைபாட்டுக்கான பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும்.