ஒரு லட்சம் ஒரு லட்சமாகவே இருக்கிறதா?

வாடிப்பட்டி வட்டாரத்தில் பெரியாறு கால்வாய்ப் பாசனத்தில் இருபோகம் நெல் போடும் வாசகர் ஒருவர் இந்த முறை பயிரைப் பற்றிக் கேட்கவில்லை, பணத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறார். 2019 அக்டோபரில் மதுரையில் உள்ள தபால் நிலையத்தில் ஒரு லட்சம் ரூபாய்க்குத் தேசிய சேமிப்புப் பத்திரம் வாங்கினார். அப்போது வட்டி 7.9 சதவீதம். ஐந்து ஆண்டு முடிந்து 2024 அக்டோபரில் 1,46,254 ரூபாய் கைக்கு வந்தது. வட்டியாக வந்த 46,254 ரூபாயில் மோட்டார் அறையைச் சீர் செய்துவிட்டு, ஒரு லட்சத்தை மட்டும் கிணறு ஆழப்படுத்தும் செலவுக்காக மறுபடி போட்டு வைக்க நினைக்கிறார். அவருடைய மகன் குறுக்கே ஒரு கணக்கைச் சொல்லியிருக்கிறார். “அப்பா, அஞ்சு வருஷ விலைவாசி உயர்வைக் கூட்டினா 28.4 வருது. 46.25ல அதைக் கழிச்சா நமக்கு நிஜ லாபம் 17.85 சதவீதம்தான்.” யார் கணக்கு சரி என்பதுதான் கேள்வி.

மகன் சரியான திசையில் போயிருக்கிறார். ஆனால் இரண்டு இடத்தில் வழுக்கிவிட்டார். முதலாவது, விலைவாசியைக் கூட்டியது. நுகர்வோர் விலைக் குறியீட்டின்படி நாட்டின் சராசரி விலைவாசி உயர்வு 2020-21இல் 6.2, அடுத்தடுத்த ஆண்டுகளில் 5.5, 6.7, 5.4, 4.6 சதவீதம். இவற்றைக் கூட்டினால் 28.4 வருவது உண்மைதான். ஆனால் இரண்டாம் ஆண்டு உயர்வு பழைய 100 ரூபாயின் மேல் ஏறவில்லை, ஏற்கெனவே 106.20 ஆகிவிட்ட விலையின் மேல் ஏறியது. வட்டிக்கு வட்டி போல விலைக்கும் விலை ஏறுகிறது. ஆகவே பெருக்க வேண்டும்: 1.062 × 1.055 × 1.067 × 1.054 × 1.046. விடை 1.318. அதாவது 2019-20இல் 100 ரூபாய்க்கு வாங்கிய சாமானுக்கு 2024-25இல் 131.80 ரூபாய் வேண்டும். ஆண்டுச் சராசரிகளை வைத்துப் போட்ட கணக்கு இது. அக்டோபர் நிதியாண்டின் நடுவில் வருவதால் இவருக்கு இது பொருந்தும். மாதக் குறியீட்டை வைத்துப் போட்டால் சிறிது மாறும்.

இரண்டாவது, கழித்தது. 46.25இல் 31.8ஐக் கழித்தால் 14.45 வருகிறது. இதுவும் நிஜ லாபம் ஆகாது. ஏன் என்பதைக் கூலியாள் கணக்கில் பார்த்தால் சட்டென்று விளங்கும். தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைத் திட்டத்துக்கு அறிவித்த தினக்கூலி 2019-20இல் 229 ரூபாய், 2024-25இல் 319 ரூபாய். பத்திரம் வாங்கிய நாளில் ஒரு லட்சம் ரூபாய் சுமார் 437 நாள் கூலி. முதிர்ந்த நாளில் 1,46,254 ரூபாய் சுமார் 458 நாள் கூலி. நாளை விரல்விட்டு எண்ணினால் கூடியது 21, 22 நாள்தான். அதாவது சுமார் 5 சதவீதம். கழித்தல் கணக்கோ வேறு சொல்கிறது. கூலி 39.3 சதவீதம் ஏறியது, பணம் 46.25 சதவீதம் ஏறியது, ஆகவே லாபம் 7 சதவீதம் என்று காட்டுகிறது. கையில் இருப்பது 5, காகிதத்தில் இருப்பது 7.

இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? பொதுவான விலைவாசிக் கணக்கிலேயே பார்ப்போம். 2019இல் ஒரு லட்சம் வாங்கித் தந்ததை 2024இல் வாங்க 1,31,800 ரூபாய் வேண்டும். அது போக 14,454 ரூபாய் மிஞ்சுகிறது. கழித்தலில் வரும் 14.45 என்பது இந்த மிச்சம்தான். ஆனால் மிஞ்சிய ரூபாய் 2024இன் மெலிந்த ரூபாய். அதை 2019இல் போட்ட கனமான ரூபாயோடு ஒப்பிட்டுச் சதவீதம் சொல்கிறோம். மரக்காலில் அளந்ததைப் படியில் அளந்ததோடு ஒப்பிடுவது போன்றது இது. மிச்சத்தையும் 1.318ஆல் வகுத்து 2019 ரூபாய்க்குக் கொண்டுவந்தால் 10,967 வரும். உண்மையான லாபம் சுமார் 11 சதவீதம். ஆண்டுக்குச் சுமார் 2.1 சதவீதம்.

இதையே ஒரே படியில் போடலாம். பணம் எத்தனை மடங்கானது என்பதை, விலை எத்தனை மடங்கானது என்பதால் வகுத்து ஒன்றைக் கழிக்க வேண்டும்:

(1.46254 ÷ 1.318) − 1 = 0.1097

ஓர் ஆண்டுக் கணக்கென்றால் கழித்துச் சொன்னாலும் பெரிய பிழை வராது. முதல் ஆண்டை மட்டும் பார்த்தால் 7.9இல் 6.2 போக 1.7, வகுத்துப் பார்த்தால் 1.6. ஆண்டுகள் கூடக் கூட, விலை ஏறிய அளவுக்கே பிழையும் பெரிதாகிறது. விலை 1.318 மடங்கு ஆகியிருந்தால் கழித்தல் கணக்கு லாபத்தையும் 1.318 மடங்கு ஊதிக் காட்டும்.

இனி தந்தையின் திட்டத்துக்கு வருவோம். அவர் ஒரு லட்சத்தை மட்டும் திருப்பிப் போட்டால் முதல் அப்படியே இருப்பது போலத் தோன்றும். ஆனால் 2024இன் ஒரு லட்சம், 2019 ரூபாயில் 75,873தான். (விலை 31.8 சதவீதம் ஏறினால் பணத்தின் மதிப்பும் 31.8 சதவீதம் குறைந்தது என்று சொல்வதும் அதே கழித்தல் பிழை. வகுத்தால் குறைவது 24 சதவீதம்தான்.) கிணற்றுக்கென்று வைத்த பணத்தில் கால் பங்கு அவருக்குத் தெரியாமலே மோட்டார் அறைக்குப் போய்விடும். முதலைக் குறையாமல் காக்க வேண்டுமானால் 1,31,800 ரூபாயைத் திருப்பிப் போட வேண்டும். தாராளமாகச் செலவு செய்யக்கூடியது 14,454 ரூபாய் மட்டுமே. வருமான வரி கட்டுகிறவராக இருந்தால், இந்தப் பத்திரத்தின் வட்டிக்கு வரி உண்டு என்பதால், வரியை முதலில் கழித்துவிட்டு அதன் பிறகே வகுக்க வேண்டும்.

இன்னொன்றையும் அவர் பார்த்துக்கொள்ள வேண்டும். எந்த விலையால் வகுக்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும். சாதாரண ரக நெல்லுக்கு மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலை இதே காலத்தில் குவிண்டாலுக்கு 1,815 ரூபாயிலிருந்து 2,300 ரூபாய் ஆனது. அவருடைய பணத்தை நெல்லாக எண்ணினால் 55.1 குவிண்டால் 63.6 ஆகியிருக்கிறது, 15 சதவீதத்துக்கு மேல் லாபம். கூலியாக எண்ணினால் 5 சதவீதம். பொதுச் சாமானாக எண்ணினால் 11 சதவீதம். மூன்றும் சரியான கணக்குகளே. ஆனால் அவர் இந்தப் பணத்தில் நெல் வாங்கப் போவதில்லை, கிணறு வெட்டப் போகிறார். ஆகவே ஊரில் கிணறு ஆழப்படுத்த 2019இல் ஓர் அடிக்கு என்ன கேட்டார்கள், இப்போது என்ன கேட்கிறார்கள் என்று வெட்டுகிறவரிடமே விசாரித்து, இன்றைய தொகையை அன்றைய தொகையால் வகுத்து எத்தனை மடங்கு என்று பார்க்கட்டும். அது 1.46க்குக் குறைவாக இருந்தால் இந்தச் சேமிப்பு கிணற்றை நெருங்கியிருக்கிறது. கூடுதலாக இருந்தால், வட்டி முழுவதையும் திருப்பிப் போட்டாலும் கிணறு அவரை விட்டுத் தள்ளித்தான் போயிருக்கிறது.