நாற்பது ரூபாய் பாக்கி

பக்கத்து வீட்டு அக்கா, இளைய மகளின் பள்ளிக் கட்டணத்தின் மூன்றாம் தவணை ரசீதோடு வந்து நின்றார். 1,200 ரூபாய் கூடுதலாகக் கேட்கிறார்களாம். தவணை அட்டவணையையும் ரசீதுகளையும் அருகருகே விரித்தோம். தவணை 12,000, மூத்தவளும் அதே பள்ளி என்பதால் இளையவளுக்குப் பத்து சதவீதச் சலுகை போக 10,800. மூன்று ரசீதிலும் மொத்தம் 10,800தான். ஆனால் இரண்டாவதை வரிவரியாகப் படித்தால், கட்டணம் 10,760, அபராதம் 40. கடைசி நாளான செப்டம்பர் 10 இரவு அவர் இணையத்தில் கட்டிய பணம், பள்ளிக் கணக்கில் ஏறியது 12ஆம் தேதி. நாளுக்கு 20 வீதம் அபராதத்தை முதலில் கழித்துக்கொண்டு, கட்டணத்தில் 40 பாக்கி வைத்துவிட்டார்கள். அட்டவணையின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி: பாக்கி இருந்தால் அடுத்த தவணைக்குச் சலுகை கிடையாது. நாற்பது ரூபாய்க்கு 1,200! என்ன நியாயம் இது? பணம் கட்டிய தேதியும் பரிவர்த்தனை எண்ணும் உள்ள வங்கிக் குறுஞ்செய்தி நல்லவேளை அழியாமல் இருந்தது. அதைக் காட்டியதும் அலுவலகத்தில் அபராதத்தை நீக்கினார்கள், சலுகையும் திரும்பியது. திருத்திய ரசீதைக் கையோடு வாங்கி வரச் சொன்னேன்.