பஞ்சர் கடைக்காரரைத் திருடன் என்கிறவர்களுக்கு

"ஒட்டினா ரெண்டு நாள் நிக்காது. மறுபடி வரட்டும்னே அரைகுறையா ஒட்டுதான்." ஆழ்வார்திருநகரி டீக்கடைகளில் இந்தப் பேச்சைக் கேட்டுக் காது புளித்துவிட்டது. ரோட்டோரம் ஒரு பம்பு, தண்ணீர்ச் சட்டி, உப்புத்தாள், சொல்யூஷனோடு உட்கார்ந்திருக்கும் மனிதரை இப்படிச் சொல்கிறவர்கள், அவர் வேலையை ஒரு தடவையாவது குனிந்து பார்த்ததுண்டா?

நம் பக்கத்து மறு பஞ்சருக்குப் பெரும்பாலும் காரணம் சீமைக்கருவேல முள். வாய்க்கால் கரையிலும் குளத்தங்கரையிலும் அதுதானே நிற்கிறது! டயரில் ஏறிய முள்ளின் வெளிப்பாகம் ரோட்டில் ஒடிந்துபோகும். நுனி மட்டும் ரப்பருக்குள் தங்கிவிடும். வெளியே தடவினால் ஒன்றும் தெரியாது. ஆள் ஏறி உட்கார்ந்து டயர் அமுங்கும்போதுதான் அது டியூபைக் குத்தும்.

பதினொன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, அரசு கொடுத்த சைக்கிளில் வருபவள். ஒரே வாரத்தில் மூன்று பஞ்சர். அப்பா கோபத்தில் புது டியூபே மாட்டிவிட்டார். மறுநாள் அதுவும் போயிற்று. "சைக்கிளே வேண்டாம், பஸ்ஸில் போ" என்று சுவரில் சாத்திவிட்டார். அந்த பஸ் வருவதோ முதல் பீரியடு முடிந்த பிறகு.

நம் ரோட்டோரக்காரர் என்ன செய்தார் தெரியுமா? பழைய டியூபையும் கொண்டுவரச் சொன்னார். வால்விலிருந்து ஓட்டை வரை சாணால் அளந்தார். பழசிலும் புதுசிலும் ஒரே அளவு. ஆக, குற்றவாளி டயருக்குள் இருக்கிறான்! வால்வுக்கு இரண்டு பக்கமும் அதே தூரத்தில் டயரை உட்புறம் வெளியே வருமாறு மடக்கி, விரலால் மெல்லத் தடவினார். எள்ளளவு கறுப்பு நுனி. குறடால் பிடுங்கினார். அதன் பிறகு அந்தச் சக்கரம் பஞ்சராகவில்லை.

ஓட்டை டியூபின் உள்வளைவில், அதாவது ரிம் பக்கம் இருந்தால், முள்ளைத் தேடிப் பயனில்லை. கம்பி நுனி நீட்டிக்கொண்டிருக்கும், அல்லது ரிம் டேப் கிழிந்திருக்கும். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கீறல் என்றால் காற்றுக் குறைவாக வைத்துக் கல்லில் ஏற்றியிருக்கிறீர்கள். அது உங்கள் கைங்கரியம், அவருடையதல்ல. ஓட்டையே இல்லாமல் ராத்திரியில் காற்று இறங்கினால் வால்வு வாயில் எச்சில் தொட்டு வைத்துப் பாருங்கள். குமிழி வந்தால் உள்ளே இருக்கும் வால்டியூப் மக்கிவிட்டது, அவ்வளவுதான். அந்தச் சின்ன ரப்பர் குழாய்க்காக முழு டியூபையே மாற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஒட்டே பிடுங்கிக்கொண்டு வருவதும் உண்டு, மறுக்கவில்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்த இடம் ஈரமாக இருந்தாலும், தடவிய சொல்யூஷன் காயுமுன் ஒட்டினாலும் அது நிற்காது. சொல்யூஷன் பளபளப்புப் போய், தொட்டால் விரலில் வராத பக்குவம் வரவேண்டும். அதற்குச் சில நிமிஷம் ஆகும். "சீக்கிரம் முடியும்வே, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று தலைமேல் நின்று விரட்டுகிறவர் யார்? நாம்தானே?

அடுத்த முறை பக்கத்தில் உட்காருங்கள். "டயருக்குள்ள தடவிப் பார்த்தியளா அண்ணாச்சி, முள்ளைக் காட்டுங்க" என்று கேளுங்கள். எடுத்து உள்ளங்கையில் வைப்பார்.